சம்பளமில்லாத வேலையை ரெசுமேயில் எங்கே வைப்பது?

2025ஆம் ஆண்டு கோடை முடிகிற நேரம், ஸ்காபுறோவில் எங்கள் அடுக்குமாடியிலேயே குடியிருக்கும் தங்கச்சி முறையான ஒருவர் இரண்டு தாள்களோடு வந்தார். ஒன்று முதியோர் சேவை நிறுவனமொன்றின் வேலை அறிவிப்பு. மற்றது அவருடைய ரெசுமே. மேலே சூப்பர்மார்க்கெட்டில் மூன்று வருடம் காஷியர் வேலை. அதற்குக் கீழே யாழ்ப்பாணத்தில் பலநோக்குக் கூட்டுறவுச் சங்கத்தில் மூன்று வருடம் கணக்கு எழுதிய வேலை. பிறகு படிப்பு. இரண்டாம் பக்கத்தின் அடியில், பொழுதுபோக்குக்குச் சற்று மேலே, ஒரே ஒரு வரி: தமிழ்ப் பள்ளியில் தொண்டர், 2021 முதல் 2025 வரை.

"அக்கா, இதிலை கேட்டிருக்கிற வேலையிலை முக்கால்வாசி நான் சனிக்கிழமையிலை செய்யிறதுதான். ஆனா அதுக்குச் சம்பளம் எடுக்கேல்லையே. அனுபவம் எண்டு போடலாமோ?"

சிறிய சமூக நிறுவனங்களுக்கு ஆள் எடுக்கும் குழுக்களில் சில வருடங்கள் இருந்திருக்கிறேன். போடலாமா என்ற கேள்விக்குப் பதில் சொல்வது அநேகமாகச் சுலபம். எந்தத் தலைப்பின் கீழ், எந்தச் சொற்களில் போடுவது என்பதில்தான் ஆட்கள் சறுக்குகிறார்கள். எனக்கு வந்த ரெசுமேகளில் நான்கு விதத்தைப் பார்த்திருக்கிறேன். சிலர் தொண்டு வேலையைச் சம்பள வேலைகளோடு கலந்து, வேறுபாடு தெரியாமல் "அனுபவம்" என்று போட்டுவிடுவார்கள். சிலர் இந்தத் தங்கச்சியைப் போலக் கடைசியில் ஒரு வரியில் முடித்துவிடுவார்கள். சிலர் எங்கே, எப்போது என்பதை விட்டுவிட்டு, திறன்களை மட்டும் தலைப்புகளாகப் பிரித்து எழுதுவார்கள். மிகச் சிலர் "தொடர்புடைய அனுபவம்" என்று ஒரு பகுதி வைத்து, சம்பளம் பெற்றதையும் பெறாததையும் அடையாளம் இட்டு அதற்குள் வைப்பார்கள். இந்த நான்கையும் ஒப்பிடுவதற்கு முன்னால், கடுதாசியை வாசிக்கப்போவது யார் என்று பார்த்துக்கொள்ள வேண்டும். ஒரே சனிக்கிழமை வேலை ஒரு மேசையில் முழு அனுபவம், இன்னொரு மேசையில் பூச்சியம்.

பூச்சியம் ஆகிற மேசை குடிவரவு. எக்ஸ்பிரஸ் என்ட்ரி என்ற கனடாவின் குடிவரவு முறை மூலம் நிரந்தர வதிவுரிமைக்கு விண்ணப்பிக்கிறவர்களுக்குச் சம்பளமோ தரகோ பெற்ற வேலை மட்டும்தான் வேலை அனுபவம். தொண்டு வேலையும் சம்பளமில்லாத பயிற்சியும் கணக்கில் வராது. அங்கே முழு நேரம் என்றால் வாரத்துக்கு 30 மணி நேரம், ஒரு வருடம் என்றால் 1,560 மணி நேரம். வேலை கொடுத்தவரின் கடிதத்தில் சம்பளமும் மணி நேரமும் கடமைகளும் இருக்க வேண்டும். கோவிலிலோ சங்கத்திலோ செய்ததைச் சம்பள வேலை போலக் காட்டினால் அது தவறான தகவல் கொடுத்ததாகும். அதற்கு ஐந்து வருடத் தடை வரை போகும். ரெசுமேக்கு நன்றாக எழுதிவைத்த வரிகளை அப்படியே அந்தப் படிவத்தின் வேலை அனுபவப் பகுதிக்குக் கொண்டுபோக வேண்டாம் என்று தனியாகச் சொல்லிவைக்கிறேன். உழைத்து எழுதிய வரிகள் என்பதால் கை தானாகவே அங்கே போகும்.

நேர் எதிர் மேசை அமெரிக்க மத்திய அரசு வேலைகள். அவற்றின் அறிவிப்புகளில் வழக்கமாக ஒரு வாசகம் இருக்கும்: அனுபவம் என்பது சம்பளம் பெற்றதும் பெறாததும், சமய, சமூக, மாணவர் அமைப்புகளில் செய்த தொண்டும் அதில் அடங்கும். அதாவது, கோவிலில் செய்ததும் எழுத்தில் ஏற்கப்பட்டிருக்கிறது. அதற்குப் பதிலாக அவர்கள் மணி நேரம் கேட்பார்கள். எந்த மாதம் தொடங்கி எந்த மாதம் வரை, வாரத்துக்கு எத்தனை மணி நேரம் என்று போட வேண்டும். வாரம் 20 மணி நேரம் ஒரு வருடம் செய்தால் ஆறு மாதமாக எடுத்துக்கொள்வார்கள்.

ஒன்ராறியோவின் சமூக நிறுவனம் இந்த இரண்டுக்கும் நடுவில் இருக்கிறது. எல்லாருக்கும் பொதுவான விதி எதுவும் கிடையாது. அறிவிப்பின் சொற்களே விதி. "சம்பளம் பெற்ற அனுபவம்" என்று எழுதியிருந்தால் வாதாட இடமில்லை. "இன்ன கடமையில் அனுபவம்" என்று மட்டும் இருந்தால் சம்பளத்தைப் பற்றி அவர்கள் கேட்கவில்லை, நாமாக அதை நிபந்தனை ஆக்கத் தேவையில்லை. கனடா மத்திய அரசின் அறிவிப்புகளையும் இப்படித்தான் வாசிக்க வேண்டும். அங்கே ரெசுமேயோடு சேர்த்துக் கேள்விகளும் வரும். ஒவ்வொரு அனுபவத்துக்கும் எங்கே, எப்போது, என்ன செய்தீர்கள் என்று உதாரணத்தோடு பதில் எழுத வேண்டும். "அண்மைய", "கணிசமான" போன்ற சொற்கள் வந்தால் அவற்றுக்கு என்ன பொருள் என்று அந்த அறிவிப்பிலேயே கொடுத்திருப்பார்கள். கீழே சின்ன எழுத்தில் இருப்பதால் பலர் வாசிப்பதில்லை.

தங்கச்சியின் அறிவிப்பில் சம்பளம் என்ற சொல்லே இல்லை. ஐந்து கடமைகளும் "நிகழ்ச்சி ஒருங்கிணைப்பில் குறைந்தது இரண்டு வருட அனுபவம்" என்ற வரியும் இருந்தன. தொண்டர்களைச் சேர்த்து நேர அட்டவணை போடுதல். வருகைப் பதிவு வைத்து, நிதி கொடுப்பவருக்குக் காலாண்டு அறிக்கைக்கான எண்ணிக்கை கொடுத்தல். சில்லறைக் காசும் ரசீதுகளும் சரிபார்த்தல். புதிதாக வரும் முதியவரோடு தனியாக இருந்து தேவைகளைக் கேட்டுப் பதிந்து, உரிய சேவைக்கு அனுப்புதல். மண்டபம் பதிவு செய்து நிகழ்வுகளை ஒழுங்கு செய்தல். இவ்வளவும்தான்.

இனி நான்கு வழிகள்.

கலந்து எழுதுவது முதல் பார்வைக்குப் பலமாகத் தெரியும். மேலே தமிழ்ப் பள்ளி, நிகழ்ச்சி இணைப்பாளர், நான்கு வருடம் என்று வந்தால் வாசிப்பவர் நிமிர்ந்து உட்காருவார். பொய்யும் இல்லைத்தான். ஆனால் வாசிப்பவர் அதைச் சம்பள வேலை என்று எடுத்துக்கொள்கிறார், நீங்கள் அதைத் திருத்தவில்லை. இது எப்போது வெளிப்படும் என்றால், பெரும்பாலும் வேலை கிடைத்த பிறகுதான். எனக்குத் தெரிந்த ஒருவருக்கு வேலை தருவதாகக் கடிதமே வந்துவிட்டது. பின்னணிச் சரிபார்ப்புச் செய்த நிறுவனம் ரெசுமேயில் உள்ள ஒவ்வொரு வேலைக்கும் டி4 என்ற வருடாந்தச் சம்பள வரித் தாளோ பே ஸ்டப்போ அனுப்பச் சொன்னது. தொண்டுக்கு அப்படி ஒரு தாள் எங்கே இருக்கிறது? "வேலையை உறுதிப்படுத்த முடியவில்லை" என்று அறிக்கை போய்விட்டது. அவர் செய்த வேலை முழுக்க உண்மை. ஒரு சொல்லை, "தொண்டர்" என்பதை, விட்டதால் இரண்டு வாரம் மன்னிப்புக் கேட்டு விளக்கக் கடிதம் எழுதிக்கொண்டிருந்தார். இந்த வழியை நான் யாருக்கும் சொல்வதில்லை.

கடைசியில் ஒரு வரி போடுவதில் ஆபத்து ஒன்றும் இல்லை, பயனும் இல்லை. முதல் கட்டத் தெரிவு எப்படி நடக்கிறது என்று தெரிந்தால் காரணம் புரியும். நாங்கள் உட்கார்ந்த குழுக்களில், அறிவிப்பில் உள்ள கடமைகளை ஒரு அட்டவணையில் நிரையாகப் போட்டு, ஒவ்வொரு ரெசுமேக்கும் இருக்கிறது, இல்லை, ஓரளவு என்று குறித்துக்கொண்டு போவோம். ஒரு ரெசுமேக்குச் சில நிமிடங்கள். "தமிழ்ப் பள்ளியில் தொண்டர்" என்ற வரியைக் கண்டால் எந்தக் கட்டத்தில் குறி போடுவது? பாடம் சொல்லிக் கொடுத்திருப்பார் என்று நினைத்து அடுத்ததுக்குப் போய்விடுவோம். இந்த வழி சரியாக வரும் ஒரு சந்தர்ப்பம் உண்டு: கேட்ட கடமைகள் எல்லாவற்றையும் சம்பள வேலையிலேயே செய்திருந்தால். அப்போது தொண்டைக் கீழே வைத்து மேல் பக்கத்தைச் சுத்தமாக விடலாம்.

திறன்வாரியாக எழுதும் மூன்றாவது வழியைப் புதிதாக வந்தவர்களுக்கான பயிற்சி வகுப்புகளில் சிலர் கற்றுக்கொடுக்கிறார்கள். "ஒருங்கிணைப்புத் திறன்" என்று தலைப்புப் போட்டு அதன் கீழே ஆறு வரி. எங்கே செய்தது, எந்த வருடம் என்பது இரண்டாம் பக்கத்தில் தனியே கிடக்கும். மேசையின் இந்தப் பக்கம் இருந்து பார்த்தால் அது ஒளிப்பது போலத்தான் தெரிகிறது. அதோடு, பெரிய நிறுவனங்களின் இணையப் படிவங்கள் இடத்தின் பெயர், பதவி, தொடக்கம், முடிவு என்று கட்டம் கட்டமாகக் கேட்கும். அவற்றில் இந்த வடிவத்தைப் புகுத்தவே முடியாது. அந்தப் படிவங்களில் தொண்டுக்குத் தனிக் கட்டம் இல்லாவிட்டால், பதவி எழுதும் கட்டத்திலேயே "தொண்டர்" என்ற சொல்லை முதலில் போட்டுவிட்டு எழுதுவது நல்லது.

மிஞ்சுவது நான்காவது. "தொடர்புடைய அனுபவம்" என்று முதல் பக்கத்தில் ஒரு பகுதி. அதற்குள் பதவிப் பெயருக்குப் பக்கத்திலேயே "தொண்டர்" என்றும் வாரத்துக்கு எத்தனை மணி நேரம் என்றும். மற்றச் சம்பள வேலைகள் அதன் கீழே "ஏனைய வேலைகள்" என்ற பகுதியில். கடமைகளைக் குறிப்பாகக் கேட்கும் அறிவிப்புக்கு இதுதான் பொருந்தும் என்பது என் முடிவு. ஆனால் இதில் வேலை அதிகம். ஒவ்வொரு அறிவிப்புக்கும் அந்தப் பகுதியைத் திரும்ப எழுத வேண்டும், ஏனென்றால் எது "தொடர்புடையது" என்று தீர்மானிப்பது அறிவிப்புத்தான். பத்து இடத்துக்கு ஒரே ரெசுமேயை அனுப்புகிறவருக்கு இது சரிவராது.

தங்கச்சியின் தாளை எடுத்துக்கொண்டு எங்கள் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்தோம். ஒரு வெள்ளைத் தாளில் நடுவே கோடு கிழித்து, இடப்பக்கம் ஐந்து கடமைகளையும் அறிவிப்பில் உள்ள சொற்களிலேயே எழுதச் சொன்னேன். வலப்பக்கம், எந்த இடத்தில் செய்தது என்று யோசிக்காமல், கையால் செய்ததை மட்டும் எழுதச் சொன்னேன்.

முதல் கடமைக்கு அவர் எழுதியது: "ஆசிரியர்களுக்கு உதவினேன்". இந்த "உதவினேன்" என்ற சொல்லோடு எனக்கு நெடுநாள் பகை. அதற்குள் என்ன இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. "வெள்ளிக்கிழமை இரவு என்ன செய்வாய்?" என்று கேட்டேன்.

"வெள்ளி இரவோ? அண்டைக்குத்தானே எல்லாரும் வரேலாது எண்டு சொல்லுவினம். பதினொரு ரீச்சர்மார். ரெண்டு பேராவது வரமாட்டினம். ஆரை எந்த வகுப்புக்கு மாத்திறது எண்டு பார்த்து, போன் எடுத்து, பத்து மணிக்கு முதல் லிஸ்ட் அனுப்பிப்போடுவன்."

அதுதான் அறிவிப்பில் உள்ள முதல் கடமை. ரெசுமேயில் அது ஆங்கிலத்தில் போனது, பொருள் இவ்வளவுதான்: "11 தொண்டர் ஆசிரியர்களுக்கு வாராந்த நேர அட்டவணை தயாரித்தேன், வராதவர்களுக்குப் பதில் ஆட்களை முதல் நாள் இரவுக்குள் ஒழுங்கு செய்தேன்." தொண்டர்களைப் புதிதாகச் சேர்ப்பதும் அதே கடமையில் இருந்தது. அதை அவர் செய்யவில்லை, அதிபர்தான் செய்தார். ஆகவே அந்தச் சொல்லை நாங்கள் தொடவில்லை.

இரண்டாவதில், சுமார் 140 பிள்ளைகளின் வருகைப் பதிவு. ஒவ்வொரு தவணை முடிவிலும் வகுப்புவாரியாக எண்ணிக்கை எடுத்து நிர்வாகக் குழுவுக்குக் கொடுத்திருக்கிறார். நிதி கொடுப்பவருக்கான அறிக்கை அல்ல அது. இருந்தாலும் செய்கை ஒன்றுதான், போய்ச் சேரும் இடம்தான் வேறு. "நிர்வாகக் குழுவுக்கு" என்று உள்ளபடியே எழுதினோம். காலாண்டு அறிக்கை என்று மாற்றி எழுதினால் நேர்முகத்தில் எந்த நிதி, எந்தப் படிவம் என்று அடுத்த கேள்வி வரும்.

மூன்றாவதற்கு வந்தபோது அவர் பள்ளிக்கூடக் கட்டணக் காசைப் பற்றிச் சொல்லத் தொடங்கினார். அதை நிறுத்திவிட்டு, "சூப்பர்மார்க்கெட்டில் ஷிஃப்ட் முடியும்போது என்ன செய்வாய்?" என்று கேட்டேன். காசுப் பெட்டியை எண்ணி, அட்டைத் தாள்களோடு ஒப்பிட்டு, வித்தியாசம் இருந்தால் எழுதிக் கையெழுத்து வைத்துக் கொடுக்க வேண்டும். மூன்று வருடம், ஒவ்வொரு ஷிஃப்டும். கூட்டுறவுச் சங்கத்தில் மூன்று வருடம் பேரேடு எழுதியிருக்கிறார். சில்லறைக் காசுக் கணக்குக்கு இதைவிட என்ன அனுபவம் வேண்டும்? தொண்டு வேலையை மேலே ஏற்றும் ஆர்வத்தில் சம்பள வேலையில் கிடக்கும் கடமையை விட்டுவிடுவது இந்த வழியில் வழக்கமாக நடக்கும் பிழை. காஷியர் வேலை "தொடர்பில்லாதது" என்று அவரே முடிவு கட்டியிருந்தார். அந்த ஒரு வரியைக் காஷியர் வேலையின் கீழே முதலாவதாக வைத்தோம். கூட்டுறவுச் சங்க வேலையை "தொடர்புடைய அனுபவம்" பகுதிக்கே கொண்டுவந்தோம்.

ஊரில் செய்த வேலையைக் கனடாவில் யார் மதிக்கப்போகிறார்கள் என்று அவருக்குத் தயக்கம். அந்தத் தயக்கத்துக்குக் காரணம் இருந்தது. "கனடிய அனுபவம்" கேட்பது இங்கே நீண்டகாலப் பழக்கம். ஒன்ராறியோ மனித உரிமைகள் ஆணைக்குழு 2013இலேயே அது பாகுபாடாகலாம் என்று கொள்கை வெளியிட்டது. 2026 சனவரி 1 முதல், 25 பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் நிறுவனங்கள் பொது அறிவிப்பில் அதைக் கேட்கவே கூடாது என்று மாகாணச் சட்டம் வந்திருக்கிறது. இது தொண்டு வேலையின் கணக்கையும் கொஞ்சம் மாற்றுகிறது. முன்பு பலர் "கனடிய அனுபவம்" என்று காட்டுவதற்காகவே எந்த இடமென்றாலும் தொண்டுக்குப் போனார்கள். அந்தக் காரணம் இப்போது பலவீனம். எந்தக் கடமையைச் செய்யக் கிடைக்கும் என்று பார்த்துப் போவதற்கு மட்டும்தான் இனிப் பெறுமதி இருக்கிறது.

நான்காவது கடமையில்தான் நாங்கள் கொஞ்சம் முரண்பட்டோம். கோவிலில் முதியவர்களுக்கு ஓய்வூதியப் படிவம் நிரப்பிக் கொடுத்திருக்கிறேன், அதைப் போடலாம்தானே என்றார். படிவம் நிரப்புவது நல்ல காரியம். ஆனால் அறிவிப்புக் கேட்பது வேறு: ஒப்புதல் வாங்கி, தனியறையில் கேட்டு, இரகசியம் காத்துப் பதிந்து, இன்ன சேவைக்கு அனுப்பினேன் என்று பின்தொடர்வது. கோவில் மண்டபத்து மூலையில், பக்கத்தில் நான்கு பேர் நிற்க, வங்கிக் கணக்கு இலக்கத்தைச் சத்தமாகக் கேட்டு நிரப்பிய படிவத்தை அதற்குச் சமமாகக் காட்டினால், நேர்முகத்தில் முதல் துணைக் கேள்வியிலேயே உடைந்துவிடும். அது உடைந்தால் மற்ற நான்கிலும் நம்பிக்கை போகும். ஆகவே அந்தக் கட்டத்தை வெறுமையாக விட்டோம். கவர் லெட்டரில் மட்டும், முதியவர்களுக்குத் தமிழில் படிவம் நிரப்ப உதவியிருக்கிறேன், முறையான பதிவு வேலை செய்யவில்லை என்று ஒரு வசனம். "உதவி" என்ற சொல் பொருந்திய ஒரே இடம் அதுதான்.

ஐந்தாவது சுலபம். பள்ளிக்கூடக் கட்டிடத்துக்குக் கல்விச் சபையிடம் பெர்மிட் எடுப்பது, காப்புறுதிக் கடிதம் கொடுப்பது, ஆண்டு விழாவுக்கு மண்டபம் பிடிப்பது எல்லாம் அவர்தான்.

பிறகு அந்த "இரண்டு வருடம்". பள்ளியில் நான்கு கல்வியாண்டு இருந்தேன், ஆகவே நான்கு வருடம் என்றார். கணக்குப் போட்டுப் பார்த்தோம். சனிக்கிழமை 4 மணி நேரம், கிழமை நாட்களில் அட்டவணைக்கும் போனுக்கும் இன்னும் 2. வருடத்துக்கு 36 வாரம். ஆக வருடம் 216, நான்கு வருடத்துக்கு 864 மணி நேரம். இங்கே அலுவலக வேலை வாரம் 35 மணி நேரம் என்று வைத்தால் அது 25 வாரத்துக்குச் சற்றுக் குறைவு. நாட்காட்டியில் நான்கு வருடம். முழு நேரமாகப் பார்த்தால் ஆறு மாதமும் இல்லை. அவருடைய முகம் விழுந்துவிட்டது.

இரண்டும் உண்மைதான், இரண்டையும் காட்டுவதுதான் சரி. "2021 செப்டெம்பர் – 2025 யூன், வாரம் சுமார் 6 மணி நேரம், கல்வியாண்டில்" என்று பதவிப் பெயருக்குக் கீழே போட்டோம். மணி நேரம் போடாமல் வருடத்தை மட்டும் போட்டால் வாசிப்பவர் தானாக ஒரு எண்ணை ஊகிப்பார். அனுபவமுள்ளவர் குறைவாகத்தான் ஊகிப்பார். வாரம் ஆறு மணி நேரம் என்று கண்டால், பரவாயில்லை, தொடர்ந்து நான்கு வருடம் நின்றிருக்கிறார் என்ற எண்ணம் வரும். தொண்டு வேலையின் பலம் எப்போதும் கடமையில்தான் இருக்கிறது, காலத்தில் இல்லை. அறிவிப்பில் வருடக்கணக்கு இறுக்கமாக இருந்து, அதைத் தொண்டை மட்டும் வைத்து நிரப்ப வேண்டி வந்தால், அந்த விண்ணப்பம் முதல் கட்டத்திலேயே நிற்கக்கூடும் என்று எதிர்பார்த்துத்தான் அனுப்ப வேண்டும். இவருக்குக் கூட்டுறவுச் சங்கத்தின் மூன்று வருட முழுநேர வேலை பக்கத்தில் நின்றது. அதை ஒருங்கிணைப்பு வேலை என்று சொல்ல முடியாது, ஆனால் ஐந்தில் ஒரு கடமையை முழு நேரமாகச் செய்த வேலை அது.

பதவிப் பெயரிலும் ஒரு சின்னப் பிரச்சினை. பள்ளியில் அவருக்குப் பெயர் "உதவி அதிபர்". அதை அப்படியே ஆங்கிலத்தில் போட்டால், இங்கே அரசாங்கப் பள்ளியின் துணை அதிபர் என்று நினைத்து ஒருவர் புருவத்தை உயர்த்துவார். எங்கள் ஊர்ச் சங்கங்களிலும் பழைய மாணவர் சங்கங்களிலும் தலைவர், பணிப்பாளர், இயக்குநர் என்று பெரிய பட்டங்கள் தாராளமாகக் கிடைக்கும். ரெசுமேயில் பட்டம் பெரிதாகவும் கடமை சின்னதாகவும் இருந்தால் பார்ப்பவர் பட்டத்தையும் நம்பமாட்டார், கடமையையும் நம்பமாட்டார். "தொண்டர் நிகழ்ச்சி இணைப்பாளர்" என்று செய்ததைச் சொல்லும் பெயராக வைத்தோம். உண்மையான பட்டம் அதிபரின் கடிதத்தில் இருந்தது, அதனால் ஒளிவு இல்லை.

அந்தக் கடிதத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் தொண்டை எந்தத் தலைப்பில் வைத்தாலும் அதைத் தாங்கும் சான்று அதுதான். சம்பள வேலைக்குப் பே ஸ்டப் இருக்கிறது. தொண்டுக்கு ஒரு மனிதரின் வாய்தான் இருக்கிறது. எங்கள் அமைப்புகளில் வருடாவருடம் பொதுக்கூட்டம், வருடாவருடம் புது நிர்வாகம். புதிதாக வந்த செயலாளருக்கு முன்னைய செயலாளரோடு பேச்சுவார்த்தை இருக்குமோ தெரியாது. மூன்று வருடம் கழித்து ரெஃபரன்ஸுக்குப் போன் போனால், "அப்பிடி ஒராளை எனக்குத் தெரியாது" என்று பதில் வர நல்ல வாய்ப்பு உண்டு. ஆகவே தெரிந்த நிர்வாகம் இருக்கும்போதே, அமைப்பின் பெயர் போட்ட தாளில், தொடங்கிய மாதம், முடிந்த மாதம், வார மணி நேரம், நான்கைந்து கடமைகள், கையெழுத்து, தொடர்பு இலக்கம் ஆகியவற்றோடு ஒரு கடிதம் வாங்கிவைக்க வேண்டும். "நல்ல பண்புள்ளவர், எல்லாரோடும் அன்பாகப் பழகுவார்" என்று நிரப்பிய கடிதத்தைப் பலர் கொண்டுவருவார்கள். அதில் எங்கள் அட்டவணைக்கு ஒரு குறிகூடக் கிடைக்காது. கையெழுத்து வைப்பவர் மச்சானாகவோ மாமியாகவோ இருக்கக்கூடாது என்பதையும் சொல்ல வேண்டியிருக்கிறது, எங்கள் சங்கங்களில் அது அவ்வளவு அபூர்வம் இல்லை.

நேர்முகத்துக்கு அழைத்தார்கள். முதல் நாள் இரவு வீட்டில் வைத்து ஒரு தடவை கேட்டுப் பார்த்தேன். தொண்டர்களோடு ஏற்பட்ட ஒரு சிக்கலை எப்படித் தீர்த்தீர்கள் என்றதற்கு, "நாங்கள் எல்லாரும் சேர்ந்து கதைச்சு ஒரு முடிவு எடுத்தனாங்கள்" என்றார். இது எங்கள் வளர்ப்பு. சங்கத்தில் செய்ததை "நான்" என்று சொல்ல நாக்குக் கூசும். ஆனால் பொதுநிதியில் நடக்கும் நிறுவனங்களில் பெரும்பாலும் எல்லாருக்கும் ஒரே கேள்விகள். குழுவில் ஒவ்வொருவர் கையிலும் புள்ளித் தாள். வேட்பாளர் தான் என்ன செய்தார் என்பதற்குத்தான் புள்ளி, "நாங்கள்" என்பதற்கு எவ்வளவு போடுவது என்று தெரியாமல் பேனா நிற்கும். சம்பள வேலையைப் பற்றிச் சொல்லும்போது இந்தக் கூச்சம் வருவதில்லை. தொண்டென்றால்தான் வருகிறது. மூன்று தடவை திரும்பச் சொல்ல வைத்தேன். மூன்றாவது தடவை, "அந்த ரெண்டு ரீச்சர்மாரையும் வெவ்வேறை நேரத்துக்கு மாத்தினது நான்" என்று சொல்லிவிட்டுச் சிரித்தார்.

அந்த வேலை அவருக்குக் கிடைக்கவில்லை. நான்காவது கடமையைப் பற்றி இரண்டு கேள்விகள் வந்தன. முறையாகச் செய்ததில்லை என்று சொல்லிவிட்டார். அந்தக் கடமையைச் செய்த ஒருவரை எடுத்தார்கள். நவம்பர் கடைசியில் அதே இடத்திலிருந்து போன் வந்தது: தொண்டர்களுக்கு அட்டவணை போட வாரம் 21 மணி நேர வேலை, ஆறு மாத ஒப்பந்தம், வர விருப்பமா என்று. அன்று பின்னேரம் கதவைத் தட்டியவர் அதைச் சொல்லும் முன்பே வேறொன்றைத்தான் கேட்டார்: வருகிற ஞாயிறு பள்ளிக்கூடத்தின் பொதுக்கூட்டம், அதிபர் மாறப்போகிறார், கடிதத்தில் வார மணி நேரம் போட விட்டுப்போச்சுது, இப்ப போய்த் திருத்தி வாங்கலாமோ என்று.